போர்டும் பவுச்சும் அடிப்பதற்கு முன்: பெயர் யாரிடமாவது இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே மசாலாப் பொடி அரைத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது ‘தாழம்பூ’ என்ற பெயரில் கடை போர்டு வைத்து, பிரிண்ட் போட்ட பவுச்சும் அடிக்கப் போகிறோம். ஜிஎஸ்டி, உணவு லைசென்ஸ் இரண்டும் அந்தப் பெயரிலேயே வந்துவிட்டன. இன்னும் பெயரைச் சரிபார்க்க வேண்டுமா? எங்கே, எப்படிப் பார்ப்பது?

பதில்:

கட்டாயம் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவில் நீங்கள் எழுதிக் கொடுக்கும் வணிகப் பெயரை அப்படியே ஏற்றிக்கொள்வார்கள். அதே பெயரில் பக்கத்து ஊரில் ஒருவர் பத்து வருடமாக மசாலா விற்றுக்கொண்டிருக்கிறாரா என்று அங்கே யாரும் தேடுவதில்லை. உணவு லைசென்ஸின் 14 இலக்க எண், உத்யம் சான்றிதழ், வங்கி நடப்புக் கணக்கு எல்லாமே இப்படித்தான். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதற்குத்தான் அவை சான்று. பெயர் உங்களுடையது என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. கம்பெனி பதிவுத் துறை ஏற்கனவே உள்ள கம்பெனிப் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும், mca.gov.in தளத்தில் Check Company Name என்ற இடத்தில் நீங்களே தட்டிப் பார்க்கலாம். ஆனால் மசாலா, ஊறுகாய், எண்ணெய் விற்கும் பெரும்பாலானோர் தனிநபர் நிறுவனமாகவோ கூட்டு வணிகமாகவோதான் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் வராது. கம்பெனிப் பெயர் கிடைத்துவிட்டாலும், அதே போன்ற டிரேட்மார்க்கை முன்பே பதிந்தவர் புகார் கொடுத்துப் பெயரை மாற்ற வைக்க கம்பெனிகள் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டிய இடம் டிரேட்மார்க் பதிவேடு. அது முடிந்த பிறகு, பதிவேட்டில் இல்லாதவர்களைத் தேட வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பலரும் செய்வதில்லை.

பதிவேட்டைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ipindia.gov.in தளத்தில் Trade Marks பகுதிக்குள் Public Search என்று இருக்கும். மொபைல் எண்ணோ ஈமெயிலோ கேட்டால் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போங்கள். தேடும் முறை மூன்று: Wordmark, Phonetic, Vienna Code. கடைசியில் உள்ளது படங்களுக்கானது; லோகோவில் பூவோ யானையோ வரைந்திருந்தால் அப்போது தேவைப்படும். முதலில் Wordmark போதும்.

அடுத்து Class கேட்கும். பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாப் பொடி, மாவு, டீ, காபி, முறுக்கு எல்லாம் 30-இல் வரும். ஊறுகாய், சமையல் எண்ணெய், உருளைக்கிழங்கு சிப்ஸ் 29-இல். கடை நடத்துவது என்ற சேவை 35, ஓட்டல் 43. உங்களுக்கு உயிர்நாடி 30தான் என்றாலும் நான்கையும் தேடுங்கள். சாம்பார்ப் பொடியில் ஆரம்பிப்பவர் இரண்டு வருடத்தில் பூண்டு ஊறுகாய்க்கும் செக்கு எண்ணெய்க்கும் போவது வழக்கம். அப்போது 29-இல் இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் அதே பெயரில் போக முடியாது. அதோடு, வகுப்பு எண் வேறாக இருந்தாலும் மசாலாவும் ஊறுகாயும் ஒரே கடையில், ஒரே அலமாரியில் விற்கும் பொருட்கள். அதனால் 29-இல் இருப்பவர் 30-இல் வரும் உங்களையும் எதிர்க்கலாம்.

இனி பெயரைத் தட்டுவது. இங்கேதான் நம் ஊர்ப் பெயர்கள் நழுவிப் போகின்றன. தேடும் பெட்டிக்கு மேலே Start With, Contains, Match With என்று மூன்று இருக்கும். Start With-இலேயே விட்டுவிட்டுத் தேடினால், ‘ஸ்ரீ தாழம்பூ’, ‘நியூ தாழம்பூ’, ‘அம்மன் தாழம்பூ’ எதுவும் வராது. தமிழ்நாட்டில் பாதிக் கடைகள் ஸ்ரீயில்தானே தொடங்குகின்றன! எப்போதும் Contains வைத்துத் தேடுங்கள்.

அப்புறம் எழுத்துக்கூட்டல். பதிவேட்டில் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் தேட முடியும். தாழம்பூவை ஒருவர் Thazhampoo என்று எழுதியிருப்பார், இன்னொருவர் Thalamboo, மற்றொருவர் Thaazhampu, வேறொருவர் நடுவில் இடம் விட்டு Thazham Poo. முழுப் பெயரைத் தட்டினால் நீங்கள் எழுதும் விதத்தில் எழுதியவர் மட்டுமே சிக்குவார். முழுச் சொல்லைப் போடாமல், எல்லாக் கூட்டல்களுக்கும் பொதுவான நடுத் துண்டைப் போட வேண்டும். உங்கள் பெயருக்கு நான் தட்டும் துண்டுகள் இவை:

```
azhamp
azhamb
alamp
alamb
thazham
thalam
```

முதல் இரண்டும், தொடக்கத்தில் Tha, Thaa, Ta என்று எப்படி எழுதியிருந்தாலும் பிடித்துவிடும். முடிவில் poo, pu, bu எதுவானாலும் கவலையில்லை. அடுத்த இரண்டும் ழகரத்தை l என்று எழுதியவர்களுக்கு. கடைசி இரண்டும் சொல்லைப் பிரித்து எழுதியவர்களுக்கு. துண்டை இன்னும் சுருக்கி வெறும் azham என்று போட்டால் pazham எல்லாம் சேர்ந்து வந்து குவியும், அதனால் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆறு துண்டு, நான்கு வகுப்பு என்று ஒரு மாலை நேர வேலைதான். Phonetic தேடலையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஆனால் ழ, ற, ண வரும் தமிழ்ப் பெயர்களுக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஒலி மட்டும் போதாது, பொருளையும் பார்க்க வேண்டும். தமிழில் எழுதிய பெயருக்கு விண்ணப்பிக்கும்போது அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எனவே தாழைக்கு மற்ற மொழியில் உள்ள பெயர்களையும் தேடுங்கள்: thazhai, ketaki, kewra. இதில் கேவ்ரா என்பது இன்னொரு வகையிலும் இடிக்கும். தாழம்பூ நீரைப் பிரியாணியிலும் இனிப்பிலும் வாசனைக்கு விடுவார்கள். நாளைக்கு ‘தாழம்பூ பிரியாணி மசாலா’ என்று போனால், பெயர் பொருளின் சுவையைத்தானே சொல்கிறது என்று உங்கள் விண்ணப்பத்தை ஆராயும் டிரேட்மார்க் பரிசோதகர் கேட்க இடம் இருக்கிறது. சாம்பார்ப் பொடிக்கு அந்தக் கேள்வி எழாது. பொருளையே வர்ணிக்கும் சொல்லையோ, தரத்தைப் புகழும் சொல்லையோ தனி ஒருவருக்குச் சொந்தமாக்கத் தயங்குவார்கள். நூடுல்ஸ் சுவையில் ‘மேஜிக் மசாலா’ என்ற பெயருக்காக ஐடிசி நிறுவனம் நெஸ்லே மீது போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் தள்ளுபடி செய்ததற்கு இதுதான் அடிப்படை. இதற்கு மறுபக்கமும் உண்டு: ‘பாரம்பரிய மசாலா’ போன்ற பெயரை எடுத்தால் உங்களை யாரும் தடுக்காமல் போகலாம், ஆனால் நீங்களும் யாரையும் தடுக்க முடியாது.

சரி, பட்டியல் வந்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது?

ஒவ்வொரு பெயரையும் திறந்தால் ஒரு பக்கம் வரும். அதில் நான்கு இடங்களைப் பாருங்கள்: Status, Goods & Service Details, User Detail, உரிமையாளரின் ஊர். ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். 3-ஆம் வகுப்பில் தாழம்பூ என்று ஏதாவது வந்தால் பதற வேண்டாம். அது குங்குமம், ஊதுபத்திக்கான வகுப்பு. தாழம்பூ குங்குமம் என்பது எத்தனையோ பேர் விற்கும் சரக்கு. மசாலாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயர் நாடறிந்த பெரிய பிராண்டாக இருந்தால் மட்டும் வகுப்பு வேறு என்று தப்பிக்க முடியாது. 30-இல் ஒன்று வந்து, அதில் Registered என்றும், சரக்கு விவரத்தில் spices என்றும் இருந்தால் விஷயம் முடிந்தது. வேறு பெயர் தேடுங்கள். நாங்கள் பூவை வேறு மாதிரி வரைந்திருக்கிறோம், எங்கள் பவுச் பச்சை, அவருடையது சிவப்பு என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்வதில் பயனில்லை. இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு நீதிமன்றம் முடிவு செய்வதில்லை. பெயரை அரைகுறையாக நினைவில் வைத்துக்கொண்டு கடைக்கு வரும் சாதாரண ஆளுக்குக் குழப்பம் வருமா என்றுதான் பார்க்கும். ‘அமிர்ததாரா’வும் ‘லட்சுமண்தாரா’வும் குழப்பத்தக்க அளவு ஒத்திருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது.

Objected என்று இருந்தால் பலர் “அவருக்கே மறுத்துவிட்டார்கள், நமக்கு வழி திறந்தது” என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. பரிசோதகர் கேள்வி கேட்டிருக்கிறார், விண்ணப்பம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். பதிவானால் அவருடைய உரிமை விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கில் வரும், நீங்கள் பின்னால் நிற்பீர்கள். Opposed என்றாலும் அதே நிலைதான். Abandoned, Refused, Withdrawn ஆகியவற்றில் விண்ணப்பம் செத்துவிட்டது, ஆனால் அந்த ஆள் தொழிலை விட்டுவிட்டார் என்று அதற்கு அர்த்தமில்லை. அவரைத் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். Removed என்றால் பத்து வருடம் முடிந்தும் புதுப்பிக்காமல் விட்டது. அதையும் நீக்கிய தேதிக்குப் பிறகு ஒரு வருடம் வரை இருப்பது போலவே கணக்கில் எடுப்பார்கள், காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் அவர் மீட்டுக்கொள்ளவும் முடியும். எனவே தேதியைப் பாருங்கள்.

User Detail-இல் ஒரு தேதி இருந்தால், அன்றிலிருந்து அந்தப் பெயரில் வியாபாரம் செய்வதாக அவர் சொல்கிறார் என்று அர்த்தம். Proposed to be used என்று இருந்தால் விண்ணப்பித்தபோது இன்னும் தொடங்கவில்லை.

இதே பக்கத்திலிருந்து எடுக்கக்கூடிய இன்னொரு உபயோகமான காகிதம் பரிசோதனை அறிக்கை, அதாவது Examination Report. உங்கள் பெயருக்கு நெருக்கமான ஒரு விண்ணப்பத்தைத் திறந்து அந்த அறிக்கையை எடுத்துப் படியுங்கள். இந்தப் பெயர் எந்தெந்த முந்தைய பெயர்களோடு ஒத்துப்போகிறது என்று அதில் பட்டியல் போட்டிருப்பார்கள். பதிவேட்டு ஆட்களே உங்களுக்காகத் தேடிக் கொடுத்தது போல. உங்கள் ஆறு துண்டுகளில் சிக்காத ஏதாவது ஒன்று அங்கே இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்து 30-இல் ஒன்றுமில்லை என்றாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ஏனென்றால் நம் நாட்டில் பதிவு செய்தவரைவிட முன்பிருந்தே பயன்படுத்துகிறவருக்குக் கை ஓங்கியிருக்கும். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பல தலைமுறையாக நடக்கும் அந்தக் கடையின் பெயரைத் தன் கடைக்கும் சூட்டிய இன்னொருவர், தானும் டிரேட்மார்க் பதிவு வைத்திருப்பதாக வாதாடினார். உச்ச நீதிமன்றம் 2015-இல், முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவு பெற்றவரின் உரிமையைவிட மேலானது என்று சொல்லி அவருடைய மேல்முறையீட்டை நிராகரித்தது. கையில் பதிவுச் சான்றிதழ் இருந்தும் பெயரை விட வேண்டியதாயிற்று. நாளைக்கு பவானியிலோ கோபியிலோ ஒரு பழைய மசாலாக்காரர், எந்தப் பதிவும் இல்லாமல், 1998 பில் புத்தகத்தோடு வந்து நின்றால் உங்கள் நிலையும் அதுதான்.

அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க ஒரே இடம் கிடையாது. கூகுள் மேப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும், மேலே சொன்ன எல்லாக் கூட்டல்களிலும் தேடுங்கள். ஈரோடு என்று மட்டும் சுருக்காமல் சேலம், கரூர், திருப்பூர், கோவை என்று வரைபடத்தை நகர்த்திக்கொண்டே பாருங்கள். ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட், அமேசான், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் ஒரு சுற்று. உணவு லைசென்ஸ் எடுத்தவர்களைப் பெயர் வைத்துத் தேட foscos.fssai.gov.in தளத்தில் FBO Search இருக்கிறது. பெயர் உரிமைக்கு அந்த லைசென்ஸ் சான்றில்லை என்றாலும், அந்தப் பெயரில் ஒருவர் தொழில் செய்கிறார் என்று தெரிந்துகொள்ள உதவும்.

இணையத்தில் தலையே காட்டாத சிறு பிராண்டுகள் நம் மாவட்டங்களில் ஏராளம். அவற்றை அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், மளிகைக் கடைகளுக்கு லைன் வண்டியில் சரக்குப் போடுகிறவர். “தாழம்பூன்னு ஏதாவது மசாலா லைன்ல பாத்திருக்கீங்களா?” என்று நான்கு வேறு ரூட் போகிறவர்களிடம் கேளுங்கள். இன்னொருவர் நீங்கள் பவுச் அடிக்கப் போகும் அச்சகக்காரரேதான். அவரிடம் இதுவரை அடித்த பவுச்சுகளின் மாதிரிகள் கட்டுக்கட்டாக இருக்கும், அந்தப் பெயரில் முன்பு யாருக்காவது அடித்துக் கொடுத்தாரா என்று அவருக்கே ஞாபகம் இருக்கும். ஆர்டர் கொடுத்த பிறகு கேட்டால் உற்சாகமாகச் சொல்ல மாட்டார், எனவே முன்பே கேளுங்கள்.

அப்படி ஒருவர் இருப்பது தெரிந்தால், அவர் என்ன விற்கிறார், எத்தனை காலமாக, எந்தப் பகுதியில் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டும். நாகர்கோவிலில் தாழம்பூ என்ற பெயரில் பட்டுச் சேலைக் கடை இருந்தால் விட்டுவிடலாம். சேலத்தில் அதே பெயரில் இட்லிப் பொடி விற்கிறார் என்றால், பதிவு இல்லாவிட்டாலும் நான் அந்தப் பெயரைத் தொட மாட்டேன்.

பெயர் தேறிவிட்டது என்று வையுங்கள். உடனே விண்ணப்பம் போடுங்கள். தனிநபர், சிறு நிறுவனம் என்றால் இணையம் வழியாக ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்; மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனம் என்று காட்ட உங்கள் உத்யம் சான்றிதழ் இங்கே உதவும். இப்போதைக்கு 30 மட்டும் போதும், 29-க்குப் பணம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பரிசோதனை அறிக்கையில் கேள்வி வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் ஜர்னலில் வெளியிடுவார்கள், அதிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். நீங்கள் தேடியபோது தெரியாமல் போனவர், அதற்கு முந்தைய வாரம்தான் விண்ணப்பித்து இன்னும் தளத்தில் ஏறாதவர், இவர்களெல்லாம் வெளியே வருவது இந்தக் கட்டத்தில்தான்.

அதனால்தான் பவுச்சுக்கு அவசரப்பட வேண்டாம் என்கிறேன். ரோட்டோகிராவ்யூர் முறையில் பவுச் அடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் செதுக்க வேண்டும். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, மல்லித்தூள் என்று ஒவ்வொன்றுக்கும் தனி டிசைன் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செட் சிலிண்டர். பெயர் மாறினால் பெயர் வரும் சிலிண்டர்களைத் திரும்பச் செதுக்க வேண்டும், அடித்து வைத்த ஃபிலிம் ரோல் எல்லாம் எடைக்குப் போகும். பரிசோதனை அறிக்கை வரும்வரை பிரிண்ட் இல்லாத ஸ்டாண்ட் பவுச் வாங்கி, முழு லேபிளையும் ஸ்டிக்கராக அடித்து ஒட்டி விற்பனையை ஆரம்பியுங்கள். ஸ்டிக்கரைச் சில நூறு எண்ணிக்கையிலேயே அடித்துக்கொள்ளலாம். லைசென்ஸ் எண், எடை, விலை, தேதி, முகவரி எல்லாம் ஸ்டிக்கரிலும் இருந்தாக வேண்டும். அந்த முதல் விற்பனை பில், ஸ்டிக்கர் அடித்த அச்சகத்தின் பில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். எந்தத் தேதியிலிருந்து பெயரைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதற்கு அவைதான் உங்கள் ஆதாரம். அறிக்கை சுத்தமாக வந்தபின் சிலிண்டருக்குப் பணம் கட்டலாம். ஜர்னலில் நான்கு மாதமும் முடியும்வரை காத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஆனால் சீசனை விட்டுவிட்டுக் காத்திருங்கள் என்று சொல்ல மாட்டேன்.

போர்டுக்கு அவ்வளவு கவலை வேண்டாம். ஒரு ஃபிளெக்ஸ் போதும், எல்இடி எழுத்து போர்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிசைனர் அனுப்பும் புரூஃபில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அழகுக்காகப் பெயருக்குப் பக்கத்தில் ® குறியைத் தானாகவே வைத்துவிடுவார்கள். பதிவு முடிந்த பிறகுதான் அதைப் போட முடியும். பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது சட்டப்படி தவறு. இப்போதைக்கு ™ போடச் சொல்லுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் விண்ணப்பத்தில், பவுச்சில், போர்டில், ஜிஎஸ்டியில் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் அதே புரூஃபை வைத்துச் சரிபார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.